கடையின் எண் யார் பெயரில் இருக்கிறது?

கடைப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எண், பில் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் எண், தறிக்காரர் வீட்டிலிருந்து சாமான் சிட்டை வந்து சேரும் எண் எல்லாம் ஒன்றுதான். அந்த எண் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்டால், "என் கையில்தானே இருக்கிறது, மாதாமாதம் நான்தானே ரீசார்ஜ் செய்கிறேன்" என்று நம்மில் பலர் பதில் சொல்வோம். கேள்விக்கு அது விடையன்று. கையில் இருப்பது வேறு, பெயரில் இருப்பது வேறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிம் கார்டு பழுதாகும் நாளில்தான் வெளிச்சத்திற்கு வருகிறது.

எடுத்துக்காட்டாக, செய்யாற்றங்கரையில் திருமாகறலீசுவரர் கோயில் கொண்டுள்ள மாகறலில் ஒரு மளிகைக் கடையை வைத்துக் கொள்வோம். 2011ஆம் ஆண்டு செல்போன் நிறுவனத்தின் முகவர் கடைக்கு வந்து சிம் விற்றார். முதலாளி சரக்கு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். கடையில் இருந்த பையன் தன் வாக்காளர் அட்டை நகலையும் ஒரு போட்டோவையும் கொடுத்து, படிவத்தில் கையெழுத்திட்டு வாங்கி வைத்தான். எண் நன்றாக அமைந்துவிட்டது. பலகையில் ஏறியது, ஊரெல்லாம் பரவியது. 2018இல் பையன் வேலையை விட்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். எண் கடையிலேயே இருந்தது. யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

2025இல் சிம் தேய்ந்து சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. புதிய சிம் வாங்க முதலாளி நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும்" என்றார். முதலாளி கடைப் பலகையின் போட்டோவைக் காட்டினார். ஜி.எஸ்.டி. சான்றைக் காட்டினார். ரீசார்ஜ் செய்த கணக்கையும் காட்டினார். ஒன்றும் எடுபடவில்லை. அந்தப் பெண் செய்தது தவறும் அன்று.

ஏன் எடுபடவில்லை?

பழைய தரைவழித் தொலைபேசிக் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. இணைப்பு தாத்தா பெயரில் இருந்தாலும் கம்பி வந்து முடிவது நம் கடைச் சுவரில்தான். வேறொருவர் அதைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. செல்போன் எண்ணுக்குக் கம்பி கிடையாது. அதைக் கட்டி வைத்திருப்பது ஒரு படிவம், அதற்குரிய அடையாள ஆவணம், இப்போது கைரேகை அல்லது முகப்பதிவு. அந்தப் பதிவுக்கு உரியவர் நாளை எந்தச் சேவை மையத்துக்குப் போனாலும், பழைய சிம் இல்லாமலேயே மாற்று சிம் வாங்க முடியும். அது உயிர் பெற்றவுடன் நம் கல்லாவில் இருக்கும் சிம் செத்துவிடும்.

இன்னொன்றையும் புரிந்துகொள்வது நல்லது. செல்போன் எண் எவருக்கும் சொத்து அன்று. எண்கள் அரசின் எண் திட்டத்திற்கு உட்பட்டவை. அரசு நிறுவனத்துக்கு ஒதுக்குகிறது, நிறுவனம் பதிவான சந்தாதாரருக்குப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் தருகிறது. ஆகவே "இந்த எண்ணுக்கு நான்தான் உரிமையாளர் என்று நிரூபிக்கிறேன்" என்று சேவை மையத்தில் வாதாடிப் பயனில்லை. அங்கே அவர்கள் பார்ப்பது ஒரே கேள்விதான்: பதிவில் உள்ளவர் நீங்களா, இல்லையென்றால் பதிவில் உள்ளவர் சம்மதிக்கிறாரா? நம் பில்களும் பலகையும் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. அவை பயன்படும் இடங்கள் வேறு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள்

பலருக்குத் தங்கள் கடை எண் யார் பெயரில் இருக்கிறது என்பதே நினைவில்லை. தம்பி பெயரா, மைத்துனர் பெயரா, பழைய கணக்குப்பிள்ளை பெயரா என்று குழப்பம். இதைக் காசில்லாமல் சோதிக்க வழி உண்டு. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற தளம், sancharsaathi.gov.in, ஒருவர் பெயரில் உள்ள செல்போன் இணைப்புகளைக் காட்டுகிறது. உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்து உள்ளே செல்லுங்கள். அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். வரும் பட்டியலில் எண்களின் சில இலக்கங்கள் மறைக்கப்பட்டிருக்கும். தெரியும் இலக்கங்களை வைத்துக் கடை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வேறொருவர் பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனத்தின் செயலியில் கடை எண்ணைக் கொண்டு உள்ளே சென்றால், சுயவிவரப் பக்கத்தில் பெயர் தெரிவதும் உண்டு.

இதே தளத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே Not My Number, Not Required, Required என்று மூன்று தேர்வுகள் உண்டு. பழைய ஊழியர் ஒருநாள் தன் பெயரைச் சோதிக்கிறார். தான் பயன்படுத்தாத ஓர் எண் தன் பெயரில் இருப்பதைக் கண்டு பயந்து முதல் தேர்வையோ இரண்டாவதையோ அழுத்திவிடுகிறார். அவரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் அந்த முறையீட்டின் பேரில் நிறுவனம் மறுசரிபார்ப்புக்கோ துண்டிப்புக்கோ போகும், கடை எண் நின்றுவிடும். ஒருவர் பெயரில் நாட்டின் பெரும்பகுதியில் 9 இணைப்புகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு இருப்பதால், வேண்டாத எண்களைக் கழித்துவிடும் எண்ணமும் அவருக்கு வரலாம். கடைக்காரர் முந்திக்கொண்டு பேச வேண்டியதன் காரணம் இதுவே.

சிம் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியது

மாகறல் கடைக்காரருக்கு ஒரு நல்ல காலம், சிம் இன்னும் முழுவதும் சாகவில்லை. இந்த நிலையில் நேரே பழைய ஊழியரைத் தேடிப் புறப்படுவதற்கு முன் வேறு ஒரு வேலை இருக்கிறது. எண்ணில் தொங்கிக்கொண்டிருப்பவற்றை எல்லாம் கழற்றி, தம் சொந்தப் பெயரில் உள்ள மற்றோர் எண்ணில் மாட்ட வேண்டும். இதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது.

வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பதிவான செல் எண் யாருடைய பெயரில் வாங்கிய சிம் என்று வங்கி பார்ப்பதில்லை. எண்ணை மாற்றச் சொல்பவர் கணக்குதாரரா என்றுதான் பார்க்கிறது. ஆகவே கிளைக்கு நேரில் சென்று, அடையாள அட்டையும் கையெழுத்தும் கொடுத்து எண் மாற்றும் படிவத்தை நிரப்பினால் போதும். எண் மாறியபின் யூ.பி.ஐ. செயலியைப் புதிய எண்ணில் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். புதிதாகப் பதிவு செய்த முதல் நாளில் அனுப்பும் தொகைக்கு வரம்பு இருக்கும். எனவே மொத்த வியாபாரிக்குப் பெரிய தொகை அனுப்ப வேண்டிய நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டைக்குரிய வியாபாரி செயலியும் எந்த எண்ணில் திறக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வேறொருவர் கைக்கு எண் போகும் நாளில், உங்கள் வசூலைப் பார்க்கும் கதவும் அவருக்குத் திறக்கும்.

ஜி.எஸ்.டி.யிலும் இதே நிலைதான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருந்தால், தளத்தில் Services, Registration, Amendment of Registration Non-Core Fields என்ற வரிசையில் சென்று, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பமிடுபவரின் செல் எண்ணை மாற்றலாம். ஓ.டி.பி. நீங்கள் தரும் புதிய எண்ணுக்கே வரும். கடவுச்சொல்லும் தெரியாது, பழைய எண்ணும் கையில் இல்லை என்றால், உங்கள் பகுதி வரி அதிகாரியிடம் அடையாளச் சான்றுகளோடு சென்று சரிசெய்ய வழியுண்டு. ஆதாரில் இந்த எண்ணைக் கொடுத்திருந்தால், ஆதார் சேவை மையத்தில் உங்கள் கைரேகையை வைத்தே மாற்றலாம், பழைய எண் தேவையில்லை.

வாட்ஸ்அப் சற்று வேறு. வாடிக்கையாளர்கள் தேடி வருவது அந்த எண்ணையே என்பதால் அதை உடனே மாற்றிவிட முடியாது. ஆனால் இரண்டு படிச் சரிபார்ப்பு என்னும் ஆறு இலக்க ரகசிய எண்ணை உடனே போட்டு, உங்கள் மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். அதன்பின் வேறொருவர் சிம் வாங்கி ஓ.டி.பி. பெற்றாலும், அந்த ரகசிய எண் தெரியாமல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளில் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்லிவிடலாம்.

இவ்வளவும் செய்தால் அந்த எண் போனாலும் போவது பழக்கம்தான், பணமன்று. இந்த நிலையில் இருந்துகொண்டு பேசப் போகிறவருக்கும், கணக்கு முழுவதும் மாட்டிக்கொண்ட நிலையில் பேசப் போகிறவருக்கும் வேறுபாடு உண்டு.

பழைய ஊழியரிடம் பேசுவது

நம் எடுத்துக்காட்டின் முதலாளி ஒரகடத்துப் பையனைப் போனில் பிடித்தார். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "வரேன் முதலாளி, ஆனா அந்தக் கடைசி மாசச் சம்பளம் இன்னும் வரலையே" என்றான். பழைய சம்பளப் புத்தகத்தைப் புரட்டியபோது அது உண்மையாகவே தெரிந்தது. 2018 தீபாவளிச் சமயத்தில் ஏதோ சரக்குக் குறைவு என்று பிடித்து வைத்த தொகை, திருப்பித் தரப்படவே இல்லை. முதலாளி அந்தத் தொகையையும், அன்று ஒரு நாள் அவன் இழக்கும் கூலியையும், பேருந்துச் செலவையும் கொடுத்து முடித்தார். எண்ணுக்கு விலை என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. பெயர் வேறொருவரிடம் இருக்கும்போது தீராத பழைய கணக்குகள் எல்லாம் அந்த நாளில் மேலே வரும் என்பதை வணிகர்கள் எதிர்பார்த்தே போக வேண்டும்.

ஊழியருக்கும் இதில் சொந்த நலன் உண்டு. அதை அவரிடம் எடுத்துச் சொல்வது நியாயமானதே. கடை எண்ணில் ஏதேனும் மோசடி நடந்து காவல் துறை தேடினால், அவர்கள் முதலில் போய் நிற்பது படிவத்தில் உள்ளவர் வீட்டு வாசலில்தான். எண்ணை விட்டுக் கொடுப்பது அவர் தலைச்சுமை இறங்குவது.

இருவரும் ஒரே நாளில் காஞ்சிபுரத்தில் உள்ள நிறுவனத்தின் சொந்தச் சேவை மையத்துக்குச் சென்றார்கள். ரீசார்ஜ் மட்டும் செய்யும் கடையில் இது நடக்காது. 2024 ஜனவரி 1 முதல் புதிய இணைப்புக்கான தாள் வழி அடையாளச் சரிபார்ப்பு நிறுத்தப்பட்டு, எல்லாம் மின்னணு வழிக்கு வந்துவிட்டது. ஆகவே ஆதார் நகலைக் கையில் கொடுத்தனுப்பி வேலையை முடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கொடுப்பவர் சம்மதத்தைப் பதிவு செய்வார். பெறுபவர் புதிய வாடிக்கையாளரைப் போலவே ஆதார் சரிபார்ப்பும் நேரடிப் புகைப்படமும் கொடுப்பார். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி முழுவதும் கட்டியிருக்க வேண்டும். நடப்பில் உள்ள திட்டம் அப்படியே தொடருமா, மீதி நாட்கள் வீணாகுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த உறவினருக்கும் வாரிசுக்கும் மாற்றுவதில் சிக்கல் குறைவு. உறவில்லாத ஊழியரிடமிருந்து முதலாளிக்கு என்றால் ஒவ்வொரு நிறுவனமும் என்ன கேட்கிறது என்பதைப் போகும் முன்பே சேவை மையத்தில் தெரிந்துகொண்டு போவது, ஊழியரின் இரண்டாவது நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

அன்று சிம் கார்டும் மாறினால், புதிய சிம் உயிர் பெற்றபின் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் தடை செய்யப்பட்டிருக்கும். ஓ.டி.பி. வரவில்லை என்று பதற வேண்டாம். அது திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு. சிம் மாறிய ஏழு நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொண்டு போகவும் முடியாது. இந்த விதி 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது.

போர்ட் செய்தால் பெயர் மாறுமா?

"வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்துவிட்டால் தானாக நம் பெயருக்கு வந்துவிடும்" என்று சில்லறைக் கடைகளில் சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். போர்ட் என்பது நிறுவனத்தை மாற்றும் வழி, ஆளை மாற்றும் வழி அன்று. பெயர் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது போர்ட் கோரினால் அது நிராகரிக்கப்படும். முதலில் பெயர், அதன்பின் வேண்டுமானால் நிறுவனம் என்ற வரிசையைக் கைக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று உண்டு. ஊழியரின் பழைய ஆதார் நகல் கடையில் கிடக்கிறது, அதை வைத்தோ, வேறொருவரை அவராக நடிக்கச் சொல்லியோ சிம் வாங்கிவிடலாம் என்பது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவது 3 ஆண்டு வரை சிறையும், 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வரக்கூடிய குற்றம். எண் உண்மையில் நம்முடையதே என்பது அங்கே தக்க பதிலாகாது. சிம் தொலைந்ததாகக் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கி வந்தாலும், அது பதிவில் உள்ளவருக்கு மாற்று சிம் கிடைக்கத்தான் உதவும், நமக்கு உதவாது.

பதிவில் உள்ளவர் இறந்துவிட்டால்

நம் ஊர்ப்பக்கக் கடைகளில் ஊழியர் பெயரைவிட அதிகமாகக் காண்பது தகப்பனார் பெயர். அப்பா காலமானபின் மகன் அதே எண்ணை நடத்துகிறார். சிம் பழுதாகும் வரை எவரும் கேட்பதில்லை. அப்போது சேவை மையத்தில் கேட்கப்படுவது இறப்புச் சான்றும், உறவைக் காட்டும் சான்றும். வாரிசுகள் பலர் என்றால் மற்றவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கேட்கலாம். வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் தருவது. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும், ஆகவே சிம் சாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

சிக்கல் எழுவது அண்ணன் தம்பிகளுக்கு இடையில். கடையைப் பாகம் பிரிக்கும்போது தராசு, கிடங்கு, வரவேண்டிய பாக்கி, ஐந்தொகை எல்லாவற்றையும் எழுதுகிறோம். எண்ணை எழுதுவதில்லை. பெரியவர் கடையை எடுத்துக்கொள்கிறார், எண்ணோ தம்பி பெயரில் இருக்கிறது. மனத்தாங்கல் வந்தால் தம்பி எதிர்க்கடை வைத்து அதே எண்ணைப் பலகையில் எழுதினாலும் சேவை மையம் அவர் பக்கமே நிற்கும். பாகப் பத்திரத்தில் எண்ணை முழுமையாக எழுதி, "இந்த எண்ணைப் பயன்படுத்தும் உரிமை கடையைப் பெறுபவரைச் சேரும், பதிவுதாரர் இத்தனை நாட்களுக்குள் நேரில் வந்து பெயர் மாற்றித் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிற்காலத்து மனவருத்தம் மிச்சம்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது?

இங்கேதான் நாம் சேர்த்து வைத்த தாள்களுக்கு வேலை. சேவை மையத்தில் செல்லாதவை நீதிமன்றத்திலும், பெரியவர்கள் முன்னிலையில் நடக்கும் பேச்சுவார்த்தையிலும் செல்லும். அவை எண்ணைக் கடை நீண்ட காலம் வெளிப்படையாகப் பயன்படுத்தியது என்பதையும், பதிவில் உள்ளவர் கடைக்காகவே அதை வாங்கினார் என்பதையும் காட்ட வேண்டும். பழைய பில் புத்தகங்களில் அச்சான எண், ஜி.எஸ்.டி. சான்றும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் பதிவான காலத்து எண், கடைக் கணக்கிலிருந்து ரீசார்ஜ் சென்ற வங்கிப் பதிவு, மொத்த வியாபாரிகளின் பட்டியல்கள், ஊழியர் அந்தக் காலத்தில் நம்மிடம் வேலை பார்த்ததைக் காட்டும் சம்பளப் புத்தகம் ஆகியவை முதலில் தேடி எடுக்க வேண்டியவை. இவற்றுள் ஆண்டுவாரியாகத் தொடர்ச்சி காட்டுபவைக்கு மதிப்பு அதிகம். சென்ற மாதம் அச்சடித்த அட்டைக்கு மதிப்பில்லை.

இவற்றோடு முதலில் வழக்கறிஞர் மூலம் ஒரு அறிவிப்பு அனுப்பலாம். அதன்பின் உரிமையியல் நீதிமன்றத்தில், எண்ணை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று தடையுத்தரவும், பெயர் மாற்றித் தர உத்தரவும் கேட்கலாம். அது செலவும் காலமும் பிடிக்கும் வழி. எண்ணின் மதிப்பு அந்தச் செலவைத் தாங்குமா என்று கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டே இறங்க வேண்டும். பதிவில் உள்ளவர் எண்ணை எடுத்துக்கொண்டு நம் வாடிக்கையாளரிடம் கடைப்பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினால், அது வெறும் பெயர்த் தகராறு அன்று, ஏமாற்று. உடனே காவல் துறையில் புகார் செய்யலாம். இணைய வழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது.

நிறுவனமே விதிப்படி நடக்காமல் இழுத்தடித்தால், முதலில் அதன் புகார் மையத்தில் எழுதிப் புகார் எண் பெறுங்கள். தீர்வு சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் இவை அனைத்தும் நிறுவனத்தின் சேவைக் குறையைத் தீர்க்கும் வழிகள். பதிவில் உள்ளவரின் சம்மதமின்றி எண்ணைப் பிடுங்கித் தரும் வழிகள் அல்ல.

எதுவும் கைகூடாவிட்டால், சிம் வேலை செய்யும் வரை புதிய எண்ணைப் பழைய எண்ணின் வாட்ஸ்அப் நிலைத் தகவலில் போட்டு, பில்லில் முத்திரை குத்தி, வாடிக்கையாளரை மெல்ல நகர்த்துங்கள். பழைய எண்ணை அப்படியே கிடக்கவும் விட வேண்டாம். ப்ரீபெய்டு எண்ணை 90 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்கப்படலாம். துண்டித்த எண் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்தப் புதியவருக்கு நம் கடைக்கு வரும் ஓ.டி.பி.யும் சிட்டையும் போகாதபடி, எண்ணைக் கைவிடும் முன் அதன் வாட்ஸ்அப் கணக்கை நாமே நீக்கிவிட வேண்டும்.

ஒரு தாள் எழுதி வைப்போம்

உறவு நன்றாக இருக்கும்போது எழுதிய ஒரு தாள், உறவு கெட்டபின் எழுதும் பத்து வழக்கறிஞர் அறிவிப்புகளைவிடப் பயனுள்ளது. உடனே பெயர் மாற்ற முடியாதவர்கள் கீழ்க்கண்டவாறு முத்திரைத்தாளில் எழுதி, இரு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வைக்கலாம்:

"இன்ன ஊரில் இன்ன பெயரில் நடைபெறும் மளிகைக் கடையின் பயன்பாட்டுக்காக, கடை உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி, இன்ன எண்ணுள்ள செல்போன் இணைப்பை என் பெயரில் இன்ன ஆண்டு பெற்றுக் கொடுத்தேன். அன்று முதல் அதன் கட்டணங்களைக் கடையே செலுத்தி வருகிறது. அந்த எண்ணில் எனக்குத் தனிப்பட்ட பயன்பாடு ஏதும் இல்லை. அதற்கு மாற்று சிம் பெறவோ, துண்டிக்கவோ, வேறு நிறுவனத்துக்கு மாற்றவோ கடை உரிமையாளரிடம் தெரிவிக்காமல் செய்ய மாட்டேன். அவர் கேட்கும் நாளில் நேரில் வந்து பெயர் மாற்றித் தருகிறேன். அதற்கான என் பயணச் செலவையும் ஒரு நாள் ஊதியத்தையும் கடை தரும்."

இந்தத் தாளைக் கண்டு சேவை மையம் எண்ணை மாற்றிவிடாது. ஆனால் எழுதியவர் தம் கையெழுத்தை மறந்து பேசுவது கடினம். நீதிமன்றம் வரை போனாலும் முதலில் படிக்கப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

இனி எடுக்கும் எண்களை உரிமையாளர் தம் சொந்தப் பெயரிலேயே எடுக்கட்டும். கூட்டு வியாபாரம் என்றால் நிறுவனத்தின் பெயரில் வணிக இணைப்பாகக் கேட்டு வாங்கலாம். அதிலும் எண்ணைக் கையில் வைத்திருக்கும் ஊழியரின் அடையாளத்தைத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும் என்பது 2023இல் வந்த விதி. அவர் வேலையை விட்டுப் போனால், பயன்படுத்துபவர் பெயரைக் கையோடு மாற்றச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைச் சாவியைத் திருப்பி வாங்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம். மாகறல் கடைக்காரர் 2018இல் சாவியை வாங்கினார், எண்ணை வாங்க மறந்தார். ஏழு ஆண்டு கழித்து அதற்கு ஒரு பழைய சம்பளப் பாக்கியும், ஒரு நாள் கடையடைப்பும், காஞ்சிபுரத்துக்கு இரண்டு முறை அலைச்சலும் கொடுத்தார். பையன் நல்லவனாக இருந்ததால் அவ்வளவோடு போயிற்று.